‘ங்க’ போன இடம் எங்கே?
பிறமொழி சகஊழியரிடம் எளிய ஆங்கிலத்தில் மரியாதை குறையாமல் பேசுவது பற்றி ஒரு பாடம்



நம் கடைகளிலும் கிடங்குகளிலும் இன்று தமிழ் தெரியாத ஊழியர்கள் பலர் நம்மோடு வேலை பார்க்கிறார்கள். அவர்களுக்கு நம் மொழி தெரியாது. நமக்கு அவர்கள் மொழி தெரியாது. இரு தரப்புக்கும் அரைகுறையாகத் தெரிந்த ஆங்கிலத்தில்தான் அன்றாடக் காரியம் நடக்கிறது. அந்த ஆங்கிலத்தில் சரக்கின் அளவு தவறினால் பண நஷ்டம். மரியாதை தவறினால் மனிதரையே இழக்க வேண்டி வரும். இரண்டும் ஒரே நாளில் எங்கள் கடையில் நடந்தது. அதையே பாடமாக இங்கே எழுதுகிறேன்.

ஆங்கில வாக்கியங்களைத் தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறேன். வாய்விட்டுப் படித்துப் பார்த்தால் எளிதாக வரும்.

நடந்தது என்ன?

கோவையில் எங்களுக்குப் பருப்பு மொத்த வியாபாரம். ரங்கே கவுடர் வீதிப் பக்கம் கடை. கிடங்கு சற்றுத் தள்ளி இருக்கிறது. கிடங்குப் பொறுப்பாளர் கர்நாடகத்தின் கலபுரகியைச் சேர்ந்தவர். அங்கே பருப்பு மில்லில் பல வருடங்கள் இருந்தவர். வயது 56. துவரம் பருப்பை ஒரு கை அள்ளிப் பார்த்தே ஈரம் எவ்வளவு என்று சொல்லிவிடுவார். கன்னடமும் இந்தியும் சரளம், ஆங்கிலம் கொஞ்சம், தமிழ் இல்லை. கடையில் பில் போடும் தம்பிக்கு வயது 27. இந்தி தெரியாது, ஆங்கிலம் பள்ளியில் படித்த அளவுக்கு.

ஒரு நாள் மதியம் பொள்ளாச்சிக் கடைக்காரர் 15 மூட்டை துவரம் பருப்பு கேட்டார். தம்பி கிடங்குக்குப் போன் செய்து, “ஃபிஃப்டீன் பேக்ஸ்” என்றார். பெரியவர், “எஸ், எஸ்” என்றார். கிடங்கில் ஏற்றியது 50 மூட்டை. டிரைவர் கடைக்கு வந்து 15 மூட்டைக்கான பில்லை வாங்கிக்கொண்டு புறப்பட்டுவிட்டார். மாலையில் கிடங்குச் சீட்டையும் பில்லையும் ஒத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. அதற்குள் லாரி கிணத்துக்கடவைத் தாண்டிவிட்டது.

மூட்டை 50 கிலோ. கூடுதலாகப் போனது 35 மூட்டை, அதாவது 1,750 கிலோ. கிலோ 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலே 1,75,000 ரூபாய் சரக்கு பில் இல்லாமல் சாலையில் போகிறது. பொள்ளாச்சிக் கடைக்காரர் நல்லவர். 35 மூட்டையை இறக்காமல் மறுநாள் காலை அதே லாரியில் திருப்பி அனுப்புவதாகச் சொன்னார். சரக்கு அளவில் பிரச்சினை அத்தோடு முடிந்தது.

அதைப் பெரியவரிடம் சொன்ன விதத்தில்தான் புதுப் பிரச்சினை தொடங்கியது.

தமிழில் நினைத்தது, ஆங்கிலத்தில் வந்தது

தம்பி மரியாதை தெரியாதவர் அல்ல. அவர் மனத்தில் இருந்த தமிழ் இது: “சார், ஒரு தப்பு ஆயிருச்சுங்க. பதினஞ்சு மூட்டைன்னு சொல்லியிருந்தேனுங்க. அம்பது போயிருக்குங்களே, எப்படீங்க சார்? நாளைக்குக் காலையில ஏழு மணிக்குக் கொஞ்சம் வந்துரணுங்க.”

இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அவர் வாயில் வந்த ஆங்கிலம் இது: “சார், யூ டிட் மிஸ்டேக். ஐ டோல்ட் ஃபிஃப்டீன். ஒய் யூ சென்ட் ஃபிஃப்டி? டுமாரோ செவன் ஓ க்ளாக் யூ மஸ்ட் கம்.”

இதை அப்படியே தமிழுக்குத் திருப்பினால் பெரியவர் காதில் விழுந்தது புரியும்: “நீர் தப்புச் செய்துவிட்டீர். நான் பதினைந்து என்றுதான் சொன்னேன். ஏன் ஐம்பது அனுப்பினீர்? நாளை ஏழு மணிக்கு வந்தே ஆக வேண்டும்.” அதுவும் சுமைதூக்கும் ஆட்கள் நான்கு பேர் நிற்கும்போது, மகன் வயதுப் பையனிடமிருந்து.

பெரியவர் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் சரியாக ஏழு மணிக்கு வந்து 35 மூட்டையையும் எண்ணி இறக்கினார். ஆனால் அதன்பின் கடைக்குப் போன் செய்வதை நிறுத்திவிட்டார். மூன்றாம் நாள் சுவர் ஓரத்தில் ஈரம் பட்ட 4 மூட்டைகளைத் தனியே எடுத்து வைத்திருக்கிறார். முன்பெல்லாம் இப்படி ஒன்று என்றால் உடனே கூப்பிட்டுச் சொல்பவர், அன்று சொல்லவில்லை. உடுமலைக்கு லோடு ஏற்றும்போதுதான் 4 மூட்டை குறைவது எங்களுக்குத் தெரிந்தது.

நல்ல ஊழியர் வாயை மூடிக்கொண்டால் கடைக்கு வரும் நஷ்டம் இப்படித்தான் வரும்.

மரியாதை எங்கே விழுந்துவிடுகிறது?

தமிழில் மரியாதை சொல்லின் வாலில் இருக்கிறது. வா என்பது வாங்க ஆகிறது. ஆயிருச்சு என்பது ஆயிருச்சுங்க ஆகிறது. இந்த ‘ங்க’வை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோக முடியாது. அந்த வால் விழுந்துவிட்டால் மிஞ்சுவது வெறும் கட்டளை.

“ஆங்கிலத்தில் எல்லோருக்கும் ‘யூ’தானே, அதனால்தான் மரியாதை இல்லை” என்று சிலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல. பழைய ஆங்கிலத்தில் ‘நீ’ என்பதற்கு ‘தௌ’ என்று ஒரு சொல் தனியே இருந்தது. பலரையும் பெரியவர்களையும் அழைத்த சொல்தான் ‘யூ’. நாளடைவில் ‘தௌ’ பேச்சு வழக்கிலிருந்து மறைந்து, ‘யூ’ எல்லோருக்கும் பொதுவாயிற்று. எனவே ‘யூ’ என்று சொன்னதால் யாரும் அவமானப்படுவதில்லை. ‘யூ’வுக்குப் பின்னால் என்ன வருகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. அதில் நம்மவர்கள் வழக்கமாகச் சறுக்கும் இடங்கள் மூன்று.

1. ‘வேண்டும்’ என்ற சொல்

“அவசியம் கல்யாணத்துக்கு வரவேண்டும்” என்று நாம் கைகூப்பி அழைக்கிறோம். “கொஞ்சம் சீட்டைப் பார்க்க வேண்டும்” என்று கேட்டுக்கொள்கிறோம். “வரி கட்ட வேண்டும்” என்று கட்டாயத்தைச் சொல்கிறோம். மூன்றுக்கும் ஒரே ‘வேண்டும்’. ஆங்கிலத்தில் ‘யூ மஸ்ட்’, ‘யூ ஷுட்’ இரண்டையும் ஒரு வேலையைச் சொல்லும்போது பயன்படுத்தினால் அது முதலாளி வேலைக்காரனுக்கு இடும் உத்தரவாகவே ஒலிக்கும்.

ஆகவே உங்கள் தமிழில் ‘வேண்டும்’ அல்லது ‘-ணுங்க’ வந்தால், ஆங்கிலத்தில் அதைக் கேள்வியாக மாற்றுங்கள். “கேன் யூ ப்ளீஸ் கம் அட் செவன்?” என்றால் “ஏழு மணிக்கு வர முடியுங்களா?” என்று பொருள். நம்முடைய ‘கொஞ்சம்’ என்ற சொல்லுக்கும் இதுவே இடம். “கொஞ்சம் வாங்க” என்பதை “லிட்டில் கம்” என்று சொன்னால் யாருக்கும் புரியாது. அந்தக் ‘கொஞ்சம்’தான் ஆங்கிலத்தில் ‘ப்ளீஸ்’.

2. தப்பைச் சொல்லும்போது ஆளைச் சொல்வது

தம்பி மனத்தில் இருந்த தமிழை மீண்டும் பாருங்கள். “தப்பு ஆயிருச்சுங்க” என்றுதான் நினைத்தார். யார் செய்தது என்பது அதில் இல்லை. “அம்பது போயிருக்கு” என்பதிலும் மூட்டைதான் போயிற்று, யாரும் அனுப்பவில்லை. தமிழ் இயல்பாகவே ஆளை மறைத்துப் பேச இடம் தருகிறது. ஆங்கிலத்தில் பொதுவாக எழுவாய் இல்லாமல் வாக்கியம் அமையாது என்பதால், அவசரத்தில் அந்த இடத்தில் ‘யூ’ வந்து உட்கார்ந்துவிடுகிறது.

இதற்கு வழி, எழுவாயாகப் பொருளை வைப்பது. “தேர் இஸ் எ மிஸ்டேக் இன் த லோட்” என்றால் “லோடில் ஒரு தவறு இருக்கிறது”. “ஃபிஃப்டி பேக்ஸ் வென்ட்” என்றால் “50 மூட்டை போயிருக்கிறது”. இரண்டு வாக்கியத்திலும் ‘யூ’ இல்லை, செய்தியும் குறையவில்லை.

‘ஒய்’ என்று தொடங்கும் கேள்வியும் இதே குடும்பம்தான். தமிழில் “ஏனுங்க?” என்பது விசாரிப்பு. ஆங்கிலத்தில் மொட்டையாக “ஒய்?” என்பது விசாரணை. அதற்குப் பதில் “வாட் ஹேப்பன்ட், சார்?” என்று கேட்டால் “என்ன ஆச்சுங்க?” என்ற தொனி வந்துவிடும்.

3. “புரிந்ததா?” என்று கேட்பது

எண் தவறியது எப்படி என்று பார்த்தால், அதில் பெரியவர் தவறு பாதிகூட இல்லை. ஃபிஃப்டீன், ஃபிஃப்டி இரண்டும் கிடங்குச் சத்தத்தில் ஒன்றுபோல் கேட்கும். ‘டீன்’ என்பதை நீட்டி அழுத்தாவிட்டால் கடைசி ‘ன்’ காணாமல் போகிறது. 13-30 முதல் 19-90 வரை இப்படி ஏழு ஜோடிகள் இருக்கின்றன. இந்த எண்கள் வந்தால், ஒவ்வோர் இலக்கத்தையும் தனியே சேர்த்துச் சொல்லுங்கள்: “ஃபிஃப்டீன் பேக்ஸ், சார். ஒன், ஃபைவ்.” ஐம்பது என்றால், “ஃபிஃப்டி. ஃபைவ், ஸீரோ.”

சொன்னபின் சரியாகக் கேட்டதா என்று உறுதி செய்ய வேண்டும். “டூ யூ அண்டர்ஸ்டாண்ட்?” என்று கேட்பது வயதில் மூத்தவரைப் பள்ளிப் பிள்ளையாக்குவது. அதனால் பயனும் இல்லை. புரியாவிட்டாலும் “எஸ்” என்றுதான் பதில் வரும். வேகமாக “எஸ், எஸ்” என்று மட்டும் வந்து, எண் திரும்பி வரவில்லை என்றால், கேட்கவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். அப்போது கேட்க வேண்டியது: “த லைன் இஸ் நாட் க்ளியர், சார். ஹவ் மெனி பேக்ஸ், ப்ளீஸ்?” லைன் சரியில்லை, எத்தனை மூட்டைங்க என்று பொருள். குறை போன் மேல் போகிறது. எண் அவர் வாயிலிருந்து வருகிறது.

அதே செய்தி, மறுபடியும்

இப்போது அன்று மாலை தம்பி எப்படிச் சொல்லியிருக்கலாம் என்று வரிவரியாகப் பார்ப்போம். முதலில், ஆட்கள் நடுவில் அல்லாமல் தனியே அழைக்க வேண்டும்.

“சார், டூ மினிட்ஸ், ப்ளீஸ்.” இரண்டு நிமிடம் கேட்கிறோம். மரியாதையின் முதல் பங்கு இங்கேயே சேர்ந்துவிடுகிறது.

“தேர் இஸ் எ மிஸ்டேக் இன் த பொள்ளாச்சி லோட்.” விஷயம் என்ன என்பதை இரண்டாவது வரியிலேயே சொல்லிவிடுகிறோம்.

“த ஆர்டர் வாஸ் ஃபிஃப்டீன் பேக்ஸ். ஒன், ஃபைவ். ஃபிஃப்டி பேக்ஸ் வென்ட். ஃபைவ், ஸீரோ.” கேட்டது இவ்வளவு, போனது இவ்வளவு. ‘யூ’ இல்லை.

“மேபி ஐ டிட் நாட் சே இட் க்ளியர்லி.” ஒருவேளை நான் தெளிவாகச் சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று பொருள். இது முகஸ்துதி அல்ல. அன்று உண்மையும் அதுதான். உண்மையில்லாத இடத்தில் இதைச் சொல்ல வேண்டாம். பின்னால் கணக்குப் பார்க்கும்போது பொய்யாக நிற்கும்.

“தர்ட்டி ஃபைவ் பேக்ஸ் வில் கம் பேக் டுமாரோ. செவன் இன் த மார்னிங்.” மீதி 35 மூட்டை நாளைக் காலை 7 மணிக்குத் திரும்பி வருகிறது.

“கேன் யூ ப்ளீஸ் கம் அட் செவன் அண்ட் செக் த பேக்ஸ்?” ஏழு மணிக்கு வந்து மூட்டைகளைச் சரிபார்க்க முடியுங்களா? அவர் பதில் சொல்லும்வரை காத்திருக்க வேண்டும். கேள்வியாகக் கேட்டுவிட்டு, பதிலுக்கு முன் போய்விட்டால் அது மீண்டும் கட்டளையாகிவிடும்.

“தேங்க் யூ, சார்.”

ஒரு வரிக்கு ஒரு செய்தி. ‘சார்’ தொடக்கத்தில் ஒன்று, முடிவில் ஒன்று, அது போதும். வரிக்கு வரி ‘சார்’ போட்டால் கேலி செய்வதுபோல் ஆகிவிடும். இந்திக்காரர் பெயரோடு ‘ஜி’, தெலுங்கர் பெயரோடு ‘காரு’, கன்னடர் பெயரோடு ‘அவரே’ என்று சேர்ப்பது அவரவர் ஊர் மரியாதை. அதைத் தெரிந்துகொண்டு சொன்னால் ‘சார்’ என்பதைவிட நெருக்கமாக இருக்கும்.

எதில் எச்சரிக்கை தேவை?

மரியாதைக்காக வாக்கியத்தை நீட்டிவிடக் கூடாது. “இஃப் யூ டோன்ட் மைண்ட், வுட் இட் பி பாஸிபிள்” என்று தொடங்கினால், ஆங்கிலம் குறைவாகத் தெரிந்தவருக்கு அந்த எட்டுச் சொல்லைக் கடந்து விஷயத்துக்கு வரவே முடியாது. ‘கேன் யூ ப்ளீஸ்’ என்ற மூன்று சொல்லுக்கு மேல் தேவையில்லை. புரியவில்லை என்று குரலை உயர்த்தவும் கூடாது. மெதுவாகச் சொன்னால் புரியும். சத்தமாகச் சொன்னால் திட்டுவதாகத்தான் தோன்றும்.

ஆபத்து நேரத்தில் மட்டும் இந்தப் பாடம் பொருந்தாது. அடுக்கு சரிகிறது, லாரி பின்னால் வருகிறது என்றால் “ஸ்டாப்! ஸ்டாப்!” என்று கத்துவதே சரி. ஆள் ஒதுங்கியபின் “ஸாரி, சார்” என்று ஒரு வார்த்தை சொல்லிவிடலாம்.

பயிற்சி

கீழே உள்ள மூன்றையும் விடையைப் பார்க்காமல் ஒருமுறை சொல்லிப் பாருங்கள்.

அ) “போகும்போது சாவியைக் கல்லாவில் கொடுத்துட்டுப் போகணுங்க.”
ஆ) “நேத்து ஏனுங்க வரலை?”
இ) “மூட்டையை அங்க வைக்க வேண்டாங்க, சுவர் ஈரமா இருக்கு.”

விடைகள்:

அ) “சார், கேன் யூ ப்ளீஸ் கிவ் த கீ அட் த கவுண்ட்டர் பிஃபோர் யூ கோ?” இங்கே ‘யூ மஸ்ட்’ வந்திருந்தால் தவறு.
ஆ) “வீ டிட் நாட் ஸீ யூ யெஸ்டர்டே, சார். வாட் ஹேப்பன்ட்?” ‘ஒய்’ இல்லாமல் கேட்கிறோம். உடம்பு சரியில்லையோ என்ற அக்கறையும் இதில் தெரியும்.
இ) “ப்ளீஸ் டோன்ட் கீப் த பேக்ஸ் தேர், சார். த வால் இஸ் வெட்.” ‘வேண்டாம்’ என்று சொன்னால் காரணத்தையும் சொல்லிவிடுங்கள். காரணம் இல்லாத ‘டோன்ட்’ அதட்டலாகிவிடும்.

மூன்றாவது வாக்கியம் எங்கள் கிடங்கில் பிறந்தது. அந்த 4 மூட்டை விஷயம் தெரிந்தபின் தம்பியை அழைத்துப் பேசினேன். அவர் கிடங்குக்குத் தனியே போய், “சார், டூ மினிட்ஸ், ப்ளீஸ்” என்று தொடங்கி, “தட் டே ஐ ஸ்போக் பேட்லி. ஐ ஆம் ஸாரி” என்று முடித்தார். அன்று நான் பேசியது சரியில்லை, மன்னியுங்கள் என்று பொருள். பெரியவர் பதிலாக ஆங்கிலத்தில் ஒன்றும் சொல்லவில்லை. தம்பியைக் கையைப் பிடித்துச் சுவர் ஓரம் அழைத்துப்போய், ஈரம் எந்த இடத்தில் ஏறுகிறது என்று காட்டினார். இப்போது மூட்டைகள் சுவரிலிருந்து ஓர் அடி தள்ளி, பலகை மேல் இருக்கின்றன. மாலையில் கடைக்குப் போன் வருகிறது. ஆர்டர் சொன்னால், எண்ணை அவரே திருப்பிச் சொல்கிறார்: “ஃபிஃப்டீன். ஒன், ஃபைவ்.”